ஓட்டுக் கூரைக்கு எத்தனை கன அடி மரம்?

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய சாவடியை இடித்துவிட்டு, அதே இடத்தில் சின்ன ஹால் ஒன்று கட்டினார்கள். சுவர் எழும்பியாயிற்று. கூரை கான்கிரீட் வேண்டாம், பழையபடி சீமை ஓடுதான் வேண்டும் என்பது ஊரின் முடிவு. மரத்துக்குக் கணக்குப் போட்ட சீட்டு ஒன்று என் கைக்கு வந்தது. ‘மொத்தம் 59 கன அடி’ என்று அடியில் கோடிட்டு எழுதியிருந்தது. அந்த மரத்தை வாங்கி வந்திருந்தால் கடைசி வரிசை ஓடு போடுவதற்கு முன்பே வேலை நின்றிருக்கும். சீட்டு எழுதியவர் பெருக்கலில் தப்புச் செய்யவில்லை. எந்த நீளத்தைப் பெருக்குவது, எத்தனையால் பெருக்குவது என்பதில்தான் சறுக்கியிருந்தார். வீட்டுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ ஓட்டுக் கூரை போடுகிற யாருக்கும் நடக்கக்கூடிய சறுக்கல் அது.

ஹாலின் அளவைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் அடிச் சுவர். ஒரு பக்கச் சுவரின் நடுவிலிருந்து எதிர்ச் சுவரின் நடு வரை அகலம் 18 அடி. நீளவாக்கில் அதேபோல 30 அடி. உள்ளே நின்று டேப் பிடித்தால் இரண்டிலும் முக்கால் அடி குறையும். கூரைக் கணக்குக்கு உள்ளளவை எடுக்கக் கூடாது. மரம் உட்காருவது சுவரின் மேல் என்பதால், சுவரின் நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும். நீளத்தின் இரண்டு கோடியிலும் முக்கோணமாக எழும்பும் கோபுரச் சுவர்கள். நடுவில் மோடு, இருபுறமும் சரிவு.

முதல் சறுக்கல் தரையைப் பார்த்துக் கூரையை மதிப்பிடுவது. தரை 18-க்கு 30, அதாவது 540 சதுர அடி. அந்தத் தரையை மூடுகிற கூரை அதைவிட எவ்வளவு பெரியது என்பதைக் கைமரத்தின் நீளம்தான் காட்டும். மோட்டிலிருந்து சுவரைத் தாண்டித் தாழ்வாரம் வரை சரிந்து இறங்குகிற சட்டமே கைமரம். சுவரின் நடுவிலிருந்து மோட்டுக்கு நேர்கீழ் வரை கிடைத்தூரம் 9 அடி. மோட்டின் உயரம் 5 அடி 3 அங்குலம் என்று வைத்தோம். இது ஏறத்தாழ 30 டிகிரி சாய்வு. மங்களூர் ஓட்டுக்கு இந்தச் சாய்வு வேண்டும். இதைவிட மிகவும் படுத்துவிட்டால் காற்றோடு அடிக்கிற மழை ஓட்டின் இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும்.

9 அடி கிடை, ஐந்தேகால் அடி உயரம். இந்த இரண்டுக்கும் குறுக்கே ஓடுகிற சாய்வு 10 அடி 5 அங்குலம். வர்க்கமூலம் போடத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஆசாரிமார் தரையில் மட்டப் பலகையால் செங்கோணம் வரைந்து, ஒரு கையில் 9 அடியும் மறுகையில் ஐந்தேகால் அடியும் குறித்து, குறுக்கே டேப்பைப் பிடித்துவிடுவார்கள். விடை அதேதான்.

சீட்டு எழுதியவர் இங்கேயே நின்றுவிட்டார். கைமரம் சுவரோடு முடிவதில்லை. சுவரின் வெளிமுகத்தைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் சுவரிலேயே வடியும். அரைச் சுவர் நாலரை அங்குலத்தையும் சேர்த்தால் கிடையில் கூடுவது 1 அடி பத்தரை அங்குலம். இதையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது, அதுவும் சரிவில்தான் போகிறது. ஆக, 9 அடியோடு இதைச் சேர்த்து 10.875 அடி கிடை என்று எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் சாய்வு விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதம் 10 அடி 5 அங்குலத்தை 9 அடியால் வகுத்தால் வருவது, சுமாராக 1.158. விடை 12 அடி 7 அங்குலம். மரம் அரை அடி, ஒரு அடிக் கணக்கில் வாங்குவது என்பதால் 13 அடிச் சட்டம் வாங்க வேண்டும். சீட்டில் இருந்தது பத்தரை அடி.

அடுத்தது எண்ணிக்கை. கோபுரச் சுவர்களின் பக்கமும் கூரை சற்று வெளியே நீளும். இங்கே சுவரின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி. ஆக, மோட்டின் மொத்த நீளம் 33 அடி. கைமரங்களுக்கு இடைவெளி 18 அங்குலம், நடுவிலிருந்து நடுவுக்கு. 33-ஐ ஒன்றரையால் வகுத்தால் 22. இந்த 22 இடைவெளிகளின் எண்ணிக்கை, கைமரங்களின் எண்ணிக்கை அன்று. வேலி போட்ட யாருக்கும் இது தெரியும். பத்து இடைவெளிக்குப் பதினோரு கல் வேண்டும். ஆகவே ஒரு சரிவுக்கு 23, இரண்டு சரிவுக்கு 46. சீட்டில் நீளத்தை 30 என்று எடுத்து, ஒன்றையும் கூட்டாமல், 40 என்று எழுதியிருந்தார்கள்.

கைமரத்தின் கனம் 3 அங்குலத்துக்கு 2 அங்குலம். கன அடிக் கணக்கு எளிது. இரண்டு அங்குல அளவுகளையும் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுக்க வேண்டும். 46 சட்டம், ஒவ்வொன்றும் 13 அடி, மொத்தம் 598 அடி நீளம். அதை 6 ஆல் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 25 கன அடி. சீட்டில் இதே இடத்தில் பதினேழரை இருந்தது. கைமரத்தில் மட்டும் ஏழரை கன அடி விட்டுப்போயிருக்கிறது.

கைமரத்தின் மேல் குறுக்காக, ஓடு கொக்கி மாட்டிக்கொள்ள ரீப்பர் அடிக்க வேண்டும். 2-க்கு 1 அங்குலச் சட்டம். இடைவெளியை ஓடுதான் தீர்மானிக்கும். மங்களூர் ஓட்டுக்கு அது சுமார் பன்னிரண்டரை அங்குலம். ஆனால் சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும். வாங்கப் போகிற ஓட்டில் நாலைந்தைத் தரையில் கோத்துப் பார்த்து அளந்துகொள்வதே நல்லது. 12 அடி 7 அங்குலச் சரிவில் 12 இடைவெளி, 13 வரிசை. இரண்டு பக்கமும் 26 வரிசை, ஒவ்வொன்றும் 33 அடி. மொத்தம் 858 அடி, கன அடியில் 12.

இப்போது கூரையின் பரப்பைப் பாருங்கள். 12 அடி 7 அங்குலத்துக்கு 33 அடி, இரண்டு சரிவு. 830 சதுர அடி. தரையைவிட ஒன்றரை மடங்கு. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு என்றால் 1,150 ஓடுக்கு மேல் ஏறும். ஓடு ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் மூன்று டன்னை நெருங்கும். மழையில் நனைந்தால் எடை இன்னும் கூடும். இந்தப் பாரத்தைத்தான் 18 அடி அகலத்துக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும்.

இரண்டு கைமரங்கள் மோட்டில் தலையோடு தலை சாய்ந்து நின்றால், கீழே அவற்றின் கால்கள் சுவரை வெளியே தள்ளும். 12 அடி அகலம் வரை சுவர் இதைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் இரண்டு கால்களையும் இழுத்துக் கட்ட ஒரு விட்டம் வேண்டும். விட்டத்தோடு 15 அடி வரை போகலாம். அதையும் தாண்டினால் கைமரம் நடுவில் தொய்யும், விட்டம் தன் எடையிலேயே தொய்யும். நம்முடைய 18 அடிக்கு டிரஸ்தான் வழி. எளிமையானது நடுக்கால் டிரஸ். கிங் போஸ்ட் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

அடியில் ஒரு விட்டம். அதன் இரு முனையிலிருந்து ஏறும் இரண்டு பெரிய கைமரங்கள். மோட்டிலிருந்து விட்டத்துக்கு இறங்கும் நடுக்கால். நடுக்காலின் அடியிலிருந்து இருபுறமும் கிளம்பி, பெரிய கைமரத்தின் நடுவைத் தாங்கும் இரண்டு உதைகால்கள். அவ்வளவுதான். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நடுக்கால் விட்டத்தின் மேல் நின்று மோட்டைத் தாங்குகிறது என்று நினைப்பார்கள். உண்மை தலைகீழ். மோட்டில் முட்டி நிற்கும் இரண்டு பெரிய கைமரங்கள் நடுக்காலின் தலையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியில் நடுக்கால் தொங்குகிறது. தொங்கியபடி, விட்டத்தின் நடுவைத் தூக்கிப் பிடிக்கிறது. அது இழுபடும் மரம், அழுத்தப்படும் மரம் அன்று. விட்டமும் அப்படியே, முனைக்கு முனை இழுபடுகிறது.

இதைப் புரியாமல் செய்த டிரஸை எளிதில் கண்டுபிடிக்கலாம். நடுக்காலின் அடியும் விட்டமும் சேரும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெறும் ஆணியடித்து விட்டிருந்தால் சில வருடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து விழுந்திருக்கும். விட்டம் கீழே தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். சரியான டிரஸில் நடுக்காலிலிருந்து இறங்கி, விட்டத்தின் அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறும் இரும்புப் பட்டை இருக்கும், போல்ட் முடுக்கியிருக்கும். பட்டை மரமில்லை, கன அடியில் வராது. அதனாலேயே சீட்டுகளில் விட்டுப்போகிறது.

ஒரு டிரஸுக்கு எவ்வளவு மரம்? விட்டம் 6-க்கு 4, சுவரின் முழுக் கனத்திலும் உட்கார வேண்டும் என்பதால் 19 அடி. பெரிய கைமரம் 5-க்கு 4, பத்தரை அடியில் இரண்டு. உதைகாலின் நீளத்தைக் கணக்கிட ஒரு சுருக்குவழி உண்டு. அது பெரிய கைமரத்தின் நடுவைத் தொடுகிறது என்றால், அதன் நீளம் சரியாகப் பெரிய கைமரத்தின் பாதி. நம் கூரையில் 5 அடி இரண்டரை அங்குலம். 4-க்கு 3 சட்டத்தில் ஐந்தரை அடியாக இரண்டு வாங்கலாம்.

நடுக்காலில்தான் ஏமாறுவார்கள். அதன் உடல் 4-க்கு 4 போதும். ஆனால் பெரிய கைமரங்கள் வந்து முட்டத் தலையும், உதைகால்கள் ஊன்ற அடியும் அகன்றிருக்க வேண்டும். ஆகவே 8-க்கு 4 கட்டையை வாங்கி, நடுவில் இரண்டு பக்கமும் செதுக்கி எடுக்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது செதுக்குவதற்கு முந்தைய கட்டைக்கு. ஐந்தரை அடியில் அது 1.2 கன அடி. எல்லாம் சேர்த்து ஒரு டிரஸுக்கு 8.2 கன அடி.

டிரஸ்களின் இடைவெளி 10 அடி. 30 அடி நீளத்துக்கு மூன்று இடைவெளி. இங்கே மட்டும் ‘ஒன்று கூட்டு’ என்ற விதி மாறுகிறது. இரண்டு கோடியிலும் கோபுரச் சுவர்களே பாரத்தை வாங்கிக்கொள்வதால் நமக்கு இரண்டு டிரஸ் போதும். கோபுரச் சுவர் இல்லாத திறந்த கொட்டகையாக இருந்தால் நான்கு வேண்டும். இரண்டு டிரஸுக்கு பதினாறரை கன அடி.

டிரஸுக்கு டிரஸ், சரிவின் நடுவில் படுத்துக் கைமரங்களைத் தாங்குவது பர்லின். 6-க்கு 4, சரிவுக்கு ஒன்று, மொத்தம் 66 அடி, 11 கன அடி. மோட்டு வளை 6-க்கு 3, 33 அடியில் நாலு கன அடி சொச்சம். சுவரின் மேல் படுக்கும் சட்டம் 4-க்கு 3, 66 அடியில் ஐந்தரை. அனைத்தையும் கூட்டினால் 74 கன அடி. சீட்டில் எழுதியதைவிட 15 கன அடி அதிகம். அறுப்பிலும் முனை வெட்டிலும் ஒட்டுப் போடுவதிலும் போகிறதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 81.

இந்த இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். “சார், கைமரத்துக்கு இடைவெளி ரெண்டு அடி விட்டா மரம் குறையுமே?” நியாயமான கேள்வி. பதிலைக் கணக்காகவே சொன்னேன். 33 அடியில் 2 அடி இடைவெளி என்றால் சரிவுக்கு 18 கைமரம், மொத்தம் 36. பத்துக் கைமரம் மிச்சம், அதாவது 5.4 கன அடி. ஆனால் ரீப்பர் இப்போது ஒன்றரை அடிக்குப் பதில் இரண்டு அடியைத் தாண்ட வேண்டும். சட்டத்தின் தொய்வு தூரத்தின் நான்காம் படியில் வளரும். தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. ரீப்பர் தொய்ந்தால் ஓடு வரிசை அலையலையாகும், கோப்பு விலகும், ஒழுகும். அதைத் தடுக்க ரீப்பரை 2-க்கு ஒன்றரை ஆக்க வேண்டும். 858 அடிக்கு அரை அங்குலம் கூட்டினால் கிட்டத்தட்ட 6 கன அடி. மிச்சம் பிடித்ததைவிட இது அதிகம்.

“அப்ப ஒரு டிரஸைக் குறைச்சா?” என்றார். அதையும் போட்டுப் பார்த்தோம். ஹாலின் நடுவில் ஒரே டிரஸ் என்றால் பர்லின் 10 அடிக்குப் பதில் 15 அடி தாண்ட வேண்டும். அதை வளைக்கும் விசை தூரத்தின் வர்க்கத்தில் கூடும், இரண்டேகால் மடங்கு. அதற்கு ஈடுகொடுக்க 6-க்கு 4 பர்லின் 9-க்கு 4 ஆக வேண்டும். பர்லினில் ஐந்தரை கன அடி கூடுகிறது, டிரஸில் 8.2 குறைகிறது. காகிதத்தில் இரண்டே முக்கால் மிச்சம். ஆனால் அந்த ஒற்றை டிரஸ் முன்பைவிட ஒன்றரை மடங்கு பாரம் சுமக்க வேண்டும், அதன் சட்டங்களும் பருக்க வேண்டும். பர்லினின் தொய்வும் ஒன்றரை மடங்காகும். ஒட்டில்லாத 9 அங்குல அகலச் சட்டம் மரக்கடையில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் கன அடி விலை கூடுதல். பெரியவர் தலையாட்டிவிட்டு, “அப்ப ரெண்டாவே இருக்கட்டும்” என்றார்.

கூரைக் கணக்கில் என்னைக் கவலைப்பட வைப்பது இந்த எண்களைவிட வேறொன்று. சீட்டில் ‘மூணுக்கு ரெண்டு’ என்றிருக்கும், லாரியில் வந்து இறங்கும் மரம் அப்படி இருக்காது. ஒரு வேலையில் எனக்கே இது நடந்தது. இறங்கிய கைமரங்களில் டேப் வைத்தால் இரண்டே முக்காலுக்கு ஒன்றே முக்கால். அறுப்பில் வாள் தின்றது, இழைப்பில் போனது என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கால் அங்குலம்தான். ஆனால் 6 சதுர அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 4.8 இருக்கிறது. நூறு கன அடிக்குப் பணம் கொடுத்து எண்பது வாங்குகிறோம். வலிமையில் இழப்பு அதையும் விடப் பெரிது. சட்டத்தின் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. இடைவெளியையெல்லாம் கவனமாகக் கணக்கிட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கே வீண். அளவு அறுத்த பிறகா, அறுக்கும் முன்னா, இழைத்ததா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முழு மரமாக வாங்கி அறுக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மரத்தின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, நாலில் ஒரு பங்காக்கி, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி 144 ஆல் வகுப்பது மரக்கடை வழக்கம். 48 அங்குலச் சுற்றும் 12 அடி நீளமும் உள்ள மரம் இந்தக் கணக்கில் 12 கன அடி. உண்மையான உருளைக் கணக்கில் அது பதினைந்தேகால். பட்டைக்கும் ஓரச் சிராய்க்கும் விடப்படும் கழிவு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் 12 கன அடிக்கு முழுச் சட்டமும் கிடைத்துவிடாது. வளைவு, பொந்து, வெளிவைரம் எல்லாம் போக என்ன தேறும் என்பது மரத்தைப் பொறுத்தது. பனங்கை போடுகிற ஊர்களில் இந்தக் கணக்கே கிடையாது. பனையின் வைரம் வெளி வட்டத்தில் இருக்கிறது, உள்ளே சோறு. கன அடி பார்க்காமல், கை எண்ணிக்கையில்தான் விலை பேசுவார்கள்.

இங்கே சொன்ன சட்ட அளவுகள் நல்ல காய்ந்த வைர மரத்துக்கும், 18 அடி அகலத்துக்கும், ஒற்றை ஓட்டுக்கும் மட்டுமே. உட்கூரைப் பலகை அடிப்பதானால், ஓட்டுக்கு அடியில் இன்னொரு தட்டை ஓடு பரப்புவதானால், அகலம் 20 அடியைத் தாண்டினால், ஊர் கடலோரத்தில் புயல் வழியில் இருந்தால், பொறியாளரிடம் காட்டிச் சட்ட அளவை மாற்றாமல் மரம் வாங்காதீர்கள். அளவு மாறினாலும் எண்ணும் முறை மாறாது.

அந்தச் சாவடிக்கு 81 கன அடி எழுதிக் கொடுத்தேன். மரம் இறங்கிய அன்று ஆசாரி தன் டேப்பை ஊர்ப் பையன் ஒருவனிடம் கொடுத்து, ஒவ்வொரு கட்டிலும் இரண்டிரண்டு சட்டத்தை அளக்கச் சொன்னார். கைமரத்தில் நான்கு வெளிவைரம் ஓடி வெளுத்திருந்ததால் திருப்பி அனுப்பினோம், மறுநாள் மாற்று வந்தது. வேலை முடிந்தபோது மிஞ்சியவை மூன்று ரீப்பர் துண்டுகளும் ஒரு கைமரமும். அந்தக் கைமரத்தை அறுத்துச் சாவடியின் திண்ணையில் பெஞ்சுக்குக் கால் ஆக்கிவிட்டார்கள்.